சலுகைக்கான வரியை நிறுவனமே கட்டும்போது: வரிமேல் வரியைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து கிளைகள் இங்கே வரத் தொடங்கிய பிறகு, நியமனக் கடிதங்களில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது: "பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தை நிறுவனம் செலுத்தும். அதற்கான வரியையும் நிறுவனமே ஏற்கும்." வாகனம், வீட்டு வாடகை, காப்புறுதி என்று சலுகை மாறலாம், வாசகம் ஒன்றுதான். இரண்டாவது வசனத்தைக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன்.

தவறு எங்கே வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊழியர் கட்டவேண்டிய வரியை நிறுவனம் கட்டினால், அந்த வரித்தொகையும் ஊழியருக்குக் கிடைத்த ஒரு நன்மைதான். அவருடைய கடனை வேறொருவர் தீர்த்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். ஆகவே அந்தத் தொகையும் அவருடைய வருமானத்தில் ஏறும். ஏறினால் அதற்கும் வரி உண்டு. அந்த வரியையும் நிறுவனம் கட்டினால் அதுவும் வருமானம். இந்தச் சங்கிலியின் கடைசித் தொகையை ஒரே தடவையில் பிடிப்பதைத்தான் வரிமேல் வரி என்கிறோம். அலுவலகங்களில் குரோஸ் அப் என்பார்கள்.

ஒரு முகாமையாளர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, வரியைக் கொம்பனிதானே கட்டுது. பிறகேன் அது என்ர வருமானத்திலை ஏறுது?" நியாயமான கேள்வி. "உங்கட கடைக் கடனை நான் கட்டினா, அந்தக் காசை நான் உங்களுக்குத் தந்தது மாதிரித்தானே?" என்று கேட்டேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

கடிதத்தை வாசியுங்கள்

கணக்கைத் தொடங்குமுன் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சம்பளத்துக்கான வரி யாருடையது, சலுகைக்கான வரி யாருடையது, சலுகையின் வரியை எப்படி அளப்பது. முதல் இரண்டும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை, பின்னால் தகராறு வருவதும் அதில்தான்.

அளக்க இரண்டு வழி உண்டு. மொத்த வருமானத்தின் வரியைச் சம்பளத்துக்கும் சலுகைக்கும் விகிதப்படி பிரிப்பது ஒன்று. சம்பளத்துக்கு மட்டும் எவ்வளவு வரி வரும் என்று பார்த்து, அதற்கு மேலே சலுகையால் கூடிய வரி முழுவதையும் நிறுவனத்தின் தலையில் வைப்பது மற்றது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். சலுகை இல்லாதிருந்தால் கைக்கு வந்திருக்கும் காசு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வரவேண்டும் என்பதுதான் ஊழியர் அந்த வாக்குறுதியிலிருந்து புரிந்துகொள்வது. விகிதப்படி பிரித்தால் அது நடக்காது. சலுகை அவரை உயர்ந்த வரிப்படிக்குத் தள்ளும்போது சம்பளத்தின் வரியிலும் ஒரு பங்கு கூடிவிடும். எந்த வழி என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மின்னஞ்சல் போதும்.

சலுகையின் பெறுமதியையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். பாடசாலைக் கட்டணம் போல் நிறுவனம் நேரடியாகக் கட்டும் செலவென்றால், கட்டிய தொகையே பெறுமதி. வாகனம், வீடு போன்றவற்றைப் பணமல்லாத நன்மைகள் என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தனியாகப் பெறுமதி குறித்து அறிவிக்கும். அந்த வருடத்துக்கு நடைமுறையில் இருக்கும் அறிவித்தலைப் பார்க்காமல் பழைய கோப்பில் இருக்கும் தொகையை எடுத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் கட்டணத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், பெறுமதியில் குழப்பம் வராது.

வரிப்படிகளை நேர்கோடுகளாக எழுதிக்கொள்ளுங்கள்

2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதம் 150,000 ரூபாய், வரியற்ற எல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம். மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம். மாதக் கணக்கில் படிகள் மாறும் இடங்கள் 150,000, 233,333, 275,000, 316,667, 358,333 ரூபாய்.

படிப்படியாகக் கூட்டுவதைவிட ஒவ்வொரு படியையும் "வீதம் பெருக்கல் வருமானம், கழித்தல் ஒரு மாறாத தொகை" என்று எழுதுவது கைக்கு எளிது. 6 வீதத்துக்குக் கழிக்கவேண்டியது 9,000. 18 வீதத்துக்கு 37,000, 24 வீதத்துக்கு 53,500, 30 வீதத்துக்கு 72,500, 36 வீதத்துக்கு 94,000. இவை எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால், நாளைக்கு வீதம் மாறினாலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். 9,000 என்பது 150,000இன் 6 வீதம். அடுத்த படியில் வீதம் 12 கூடுகிறது, படி மாறும் இடம் 233,333. அதன் 12 வீதம் 28,000. 9,000உடன் கூட்டினால் 37,000. மேலே உள்ள படிகளுக்கும் இதே வழிதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குக் கழியும் 8 வீதத்தை இந்த வரிக் கணக்கில் குறைப்பதில்லை. அதனால் கீழே "கைக்கு வரும் காசு" என்று சொல்லும் இடமெல்லாம் சேமலாப நிதிக் கழிவுக்கு முந்திய தொகை.

ஒரு கணக்கு

யாழ்ப்பாணக் கிளையொன்றின் முகாமையாளர் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் வதிபவர், இதுதான் அவருடைய முதன்மை வேலை. மாதச் சம்பளம் 240,000. இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தை மாதாமாதம் பாடசாலைக்கே நிறுவனம் செலுத்துகிறது, அது 50,000. சம்பளத்தின் வரியை அவர் பார்த்துக்கொள்வார், கட்டணத்தின் வரி நிறுவனத்துடையது.

முதலில் சம்பளத்துக்கு மட்டும் வரி. 240,000 இருப்பது 18 வீதப் படியில். 43,200இலிருந்து 37,000 போக 6,200. இது அவருடைய பங்கு, இனி இந்தக் கணக்கில் இது மாறாது. கைக்கு வருவது 233,800. இந்தத் தொகையைத் தனியே எழுதி வையுங்கள், கடைசியில் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து சலுகையையும் சேர்த்தால் 290,000. இது 24 வீதப் படி. 69,600இலிருந்து 53,500 போக 16,100. சலுகையால் கூடிய வரி 9,900. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 9,900ஐ நிறுவனம் கட்டிவிட்டது, வாக்குறுதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த 9,900க்கும் வரி வரவேண்டும்.

சங்கிலியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் 9,900க்கு 24 வீதம் 2,376. அதற்கு 24 வீதம் 570 சொச்சம். அப்படியே குறைந்துகொண்டு போகும். இதை ஒரே வகுத்தலில் முடிக்கலாம். நிறுவனம் கட்டும் வரியில் 24 வீதம் வரிமேல் வரி, மிச்சம் 76 வீதம்தான் அந்த 9,900. ஆகவே 9,900ஐ 0.76ஆல் வகுத்தால் 13,026.32.

சரிபார்ப்போம். 290,000உடன் 13,026.32 சேர்ந்தால் 303,026.32. அதன் 24 வீதம் 72,726.32. 53,500 போக 19,226.32. அதிலே ஊழியரின் 6,200ஐக் கழித்தால் மிஞ்சுவது 13,026.32. பொருந்துகிறது.

9,900ஐ 1.24ஆல் பெருக்கி 12,276 என்று போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அது சங்கிலியின் முதல் கண்ணியோடு நிற்கும் கணக்கு. மாதம் 750 ரூபாய் குறையும். வருடக் கடைசியில் அந்தக் குறை ஊழியரின் பெயரில்தான் நிலுவையாக நிற்கும்.

படி தாண்டும்போது

மேலே போட்ட கணக்கு சுலபமாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. 290,000உம் வரிமேல் வரி சேர்ந்த 303,026உம் ஒரே 24 வீதப் படிக்குள் இருந்தன. எப்போதும் அப்படி இருக்காது. நான் தவறியதும் இந்த இடத்தில்தான்.

அதே முகாமையாளருக்கு அடுத்த வருடம் கட்டணம் 65,000 ஆகிறது என்று வையுங்கள். சம்பளம் மாறவில்லை. மொத்தம் 305,000. வரி 19,700, சலுகையால் கூடியது 13,500. பழையபடி 0.76ஆல் வகுத்தால் 17,763.16. ஆனால் அதை 305,000உடன் சேர்த்துப் பாருங்கள், 322,763. இது 316,667ஐத் தாண்டி 30 வீதப் படிக்குள் போய்விட்டது. 24 வீதமே கடைசிவரை செல்லும் என்று நினைத்துத்தான் நாம் 0.76ஆல் வகுத்தோம். அந்த நினைப்பு இங்கே பிழையாகிறது.

இதைக் கண்டதும் சிலர் 13,500ஐ 0.70ஆல் வகுத்துவிடுவார்கள். 19,285.71 வரும். அதுவும் பிழை, இம்முறை கூடுதலாக. 13,500 முழுக்க முழுக்க 24 வீதத்திலேயும் கீழேயும் கணக்கிட்ட தொகை. அதை 30 வீதத்தின் வகுத்தியோடு சேர்க்க முடியாது.

சரியான வழி இதுதான்: விடை எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் நேர்கோட்டையே ஆரம்பத்திலிருந்து எடுக்கவேண்டும். 305,000இன் 30 வீதம் 91,500. 72,500உம், ஊழியரின் 6,200உம் போக 12,800. அதை 0.70ஆல் வகுத்தால் 18,285.71. மொத்தம் 323,285.71, அது 30 வீதப் படிக்குள்ளேயே இருக்கிறது. வரி 24,485.71. ஊழியரின் 6,200 போக 18,285.71. பொருந்துகிறது.

0.76 வழி மாதம் 522 ரூபாய் குறைத்தது. 13,500ஐ 0.70ஆல் வகுத்த வழி சரியாக 1,000 ரூபாய் கூட்டியது. இரண்டும் பார்வைக்கு நம்பும்படியான தொகைகள். அதனால் சரிபார்ப்பை ஒருபோதும் விடாதீர்கள். கடைசி மொத்தத்துக்குப் புதிதாக வரி போட்டு, ஊழியரின் பங்கைக் கழித்து, மிச்சம் நீங்கள் சொன்ன தொகையோடு சதம்வரை ஒக்கவேண்டும்.

எக்செலில் படியைத் தேடாமல் விடை எடுப்பது

ஒருவர் இருவர் என்றால் கையாலேயே போடலாம். இருபது பேர் இருந்தால் படியைத் தேடித் தேடிப் போடுவது பிழைக்கு வழி. இங்கே ஒரு வசதி இருக்கிறது. மேலே போகப் போக வரிவீதம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் ஒரு வருமானத்துக்கு ஐந்து நேர்கோடுகளையும் போட்டுப் பார்த்தால், ஆகக் கூடிய விடையைத் தருவதுதான் சரியான படி. தலைகீழாகப் போகும்போதும் அப்படியே. எல்லா வரியும் போன பிறகு மிஞ்சவேண்டிய தொகை தெரிந்தால், ஒவ்வொரு படியாலும் மொத்தத்தைக் கண்டு, ஆகக் கூடியதை எடுத்தால் போதும்.

மிஞ்சவேண்டிய தொகை என்ன? சம்பளமும் சலுகையும் சேர்ந்ததிலிருந்து ஊழியரின் சொந்த வரி போக மிச்சம். நமது உதாரணத்தில் 305,000இலிருந்து 6,200 போக 298,800. B1இல் சம்பளம், B2இல் சலுகை. B3இலிருந்து B7வரை வரிசையாக இவற்றைப் போடுங்கள்:

```
=MAX(0,0.06*B1-9000,0.18*B1-37000,0.24*B1-53500,0.3*B1-72500,0.36*B1-94000)
=B1+B2-B3
=MAX(B4,(B4-9000)/0.94,(B4-37000)/0.82,(B4-53500)/0.76,(B4-72500)/0.7,(B4-94000)/0.64)
=B5-B1-B2
=MAX(0,0.06*B5-9000,0.18*B5-37000,0.24*B5-53500,0.3*B5-72500,0.36*B5-94000)-B3
```

B3 ஊழியரின் வரி. B4 மிஞ்சவேண்டிய தொகை. B5 வரிமேல் வரி சேர்ந்த மொத்த வருமானம். B6 நிறுவனம் கட்டவேண்டிய வரி. B7 சரிபார்ப்பு, அது B6உடன் ஒக்கவேண்டும். 240,000, 65,000 போட்டால் B5இல் 24 வீதப் படி 322,763 என்றும், 36 வீதப் படி 320,000 என்றும் சொல்லும். 30 வீதப் படி சொல்வது 323,285.71. அதுதான் கூடியது, அதுதான் விடை. திணைக்களத்தின் அட்டவணைத் தொகுப்பிலும் வரிமேல் வரிக்கென்று தனி அட்டவணை உண்டு. முதல் மாதம் உங்கள் விடையை அதோடும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தாள் முதன்மை வேலைக்கு மட்டும். வேறொரு நிறுவனத்தில் முதன்மை வேலை செய்துகொண்டு உங்களிடம் இரண்டாவதாக வேலை பார்ப்பவருக்கு 150,000 எல்லையை நீங்கள் கொடுக்க முடியாது. அவருக்கு வேறு அட்டவணை.

சம்பளச் சீட்டில் எப்படிக் காட்டுவது

கணக்கு சரியாக வந்தும் சீட்டில் கெட்டுப்போவதுண்டு. வருமானப் பக்கத்தில் மூன்று வரிசை வேண்டும்: சம்பளம் 240,000, பாடசாலைக் கட்டணம் 65,000, நிறுவனம் ஏற்ற வரி 18,285.71. கூட்டினால் 323,285.71. கழிவுப் பக்கத்தில் மொத்த முற்பண வரி 24,485.71. அதோடு, கைக்கு வராத கட்டணம் 65,000உம் கழிவாக வரவேண்டும், ஏனென்றால் அது பாடசாலைக்குப் போய்விட்டது. மிச்சம் 233,800.

முன்பு தனியே எழுதி வைத்த தொகை ஞாபகம் இருக்கிறதா? அதே 233,800. சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்கு வரும் காசு மாறக்கூடாது. இந்த ஒரு சோதனையில் சீட்டுப் பிழைகளில் பெரும்பாலானவை பிடிபடும். நிறுவனம் ஏற்ற வரியை வருமானத்தில் காட்டாமல் விட்டு, கழிவில் மட்டும் முழு வரியைப் போட்டால் கைக்காசு 18,285.71 குறைந்து நிற்கும்.

கணக்கேட்டில் 18,285.71ஐ ஊழியர் செலவில் எழுதுங்கள். நிறுவனத்தின் சொந்த வருமான வரிக் கணக்கில் போய் விழுந்துவிட்டால், ஓடிற் நேரத்தில் அதைத் தேடிப் பிரித்தெடுக்க ஒரு நாள் போகும். 24,485.71 முழுவதும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குப் போகவேண்டும். ஊழியரின் பங்கு, நிறுவனத்தின் பங்கு என்று அங்கே பிரிவு இல்லை.

வருடத்தின் நடுவே

சம்பளம் கூடினால் சலுகையின் வரியும் கூடலாம், சலுகை ஒரு சதம்கூட மாறாவிட்டாலும். சலுகை எப்போதும் சம்பளத்தின் மேலே உட்கார்ந்திருக்கிறது, சம்பளம் உயர்ந்தால் அது உயர்ந்த படிக்குப் போகலாம். ஆகவே சம்பள உயர்வு கொடுக்கும்போது வரிமேல் வரிக்கும் கூடுதலாக எவ்வளவு போகும் என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்திரை வருடப் பிறப்புக்கோ தீபாவளிக்கோ போனஸ் வரும்போதும் இந்தக் கேள்வி எழும். போனஸின் வரியைச் சலுகை இல்லாதது போல் கணக்கிட்டு ஊழியரிடம் கழித்து, மிச்சம் கூடும் எல்லாவற்றையும் நிறுவனத்தின் பக்கம் போடுவதுதான் முதலில் எடுத்த வழிக்குப் பொருந்தும்.

ரி.10 சான்றிதழ்

இதைத்தான் கடைசிவரை கவனமாகப் பாருங்கள். வரி வருடம் மார்ச் 31இல் முடிந்ததும் ஊழியருக்கு ரி.10 கொடுக்கிறோம். அதிலே வருமானமாகக் காட்டவேண்டியது 323,285.71இன் பன்னிரண்டு மடங்கு, 3,879,428.52. வரி 293,828.52.

நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த இடமொன்றில் சான்றிதழ் தயாரித்த மென்பொருள், நிறுவனம் ஏற்ற வரியை வருமானத்தில் சேர்க்காமல் விட்டது. வரி மட்டும் முழுத் தொகையாக ஏறியது. இந்த உதாரணத்தின்படி பார்த்தால் வருமானம் 36 இலட்சத்து 60 ஆயிரம், அதற்கான வரி 236,400. ஆனால் கட்டியதாகக் காட்டுவது 293,828. ஊழியர் 57,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டிவிட்டது போல் தோன்றும். அவர் அதை நம்பி மீளளிப்புக் கேட்டால், தனக்கு உரிமையில்லாத காசைக் கேட்டவராகிவிடுவார். அன்று எங்களிடம் அந்தச் சான்றிதழோடு வந்தவர் நேர்மையான மனிதர், "தம்பி, இது எப்படி மிச்சமா நிக்குது, ஒருக்கா பாருங்கோ" என்று காட்டினார். அதனால்தான் தவறு வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சான்றிதழிலும் வருமானத்துக்கு நானே ஒருமுறை வரி போட்டு, காட்டியிருக்கும் வரியோடு ஒக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புகிறேன். வருடம் முழுவதும் சம்பளம் மாறாத ஊழியருக்கு இது சில சதங்களுக்குள் ஒக்கும். மாறியவருக்கு, மாதாமாதம் போட்ட வரியும் வருடத்துக்குப் போட்ட வரியும் ஒவ்வாமல் வித்தியாசம் வரலாம். சம்பளம் மாறாதவருக்கே ஆயிரக்கணக்கில் வந்தால், நிறுவனம் ஏற்ற வரி எங்கோ விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஏப்ரல் மாதச் சீட்டிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.